ஓடும் சாலையில் வண்டி நின்றுவிட்டால்: எந்த நிலைமைக்கு என்ன செய்வது

வேகமான சாலையில் வண்டி பழுதாவது பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லாத விஷயம். எஞ்சின் நின்றுபோகும், டயர் வெடிக்கும், அவ்வளவுதான். ஆபத்து அதற்கு அடுத்த சில நிமிடங்களில், நிற்கும் வண்டியைக் கவனிக்காமல் பின்னால் வருபவரிடமிருந்து வருகிறது. அதனால் பானெட்டுக்குள் என்ன கோளாறு என்ற கேள்வியை இங்கே தொடப்போவதில்லை. பின்னால் வருபவர் உங்களை எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறார், பார்க்கத் தவறினால் எதில் மோதுவார் என்ற இரண்டை மட்டும் வைத்து, நிலைமை வாரியாகப் பார்ப்போம். உங்களுக்குப் பொருந்தும் தலைப்பிலிருந்து தொடங்கலாம். ஆனால் முதல் தலைப்பை வண்டி நன்றாக இருக்கும்போதே படித்து வைத்துக்கொள்வது நல்லது. அது நடக்கும் நேரத்தில் படிக்க அவகாசம் இருக்காது.

இழுவை போய்விட்டது, ஆனால் வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது

ஆக்சிலரேட்டரை மிதித்தால் எதுவும் நடக்கவில்லை, அல்லது ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது சிவப்பு விளக்கு ஒன்று எரிகிறது. இந்த நிமிடத்தில் உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து, வண்டியில் மிச்சமிருக்கும் வேகம். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார் சமதரையில் நியூட்ரலில் பல நூறு மீட்டர் உருண்டு போகும். பதறி பிரேக்கை மிதிப்பவர் அந்தச் சொத்தை அங்கேயே தொலைத்துவிட்டு, நடு லேனில் நிற்கிறார். பிரேக்கைத் தொடாதீர்கள். கிளட்சை அழுத்துங்கள், ஆட்டோமேட்டிக் என்றால் நியூட்ரலுக்கு மாற்றுங்கள். டயர் வெடித்திருந்தால் ஸ்டீயரிங்கை இரு கைகளாலும் இறுக்கிப் பிடித்து, வேகம் தானாகக் குறைய விடுங்கள்.

எல்லோரும் முதலில் தேடுவது ஹசார்டு பட்டனைத்தான். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பெரும்பாலான வண்டிகளில் ஹசார்டு எரியும்போது இண்டிகேட்டர் தண்டு வேலை செய்யாது, அல்லது செய்தாலும் வெளியே தெரியாது. நாலு விளக்கும் மின்னினால், நீங்கள் லேன் மாறப் போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியவே தெரியாது. நீங்கள் நடுத்திட்டுப் பக்கத்து லேனில் இருந்து, ஓரத்துக்குப் போக இரண்டு லேனைக் கடக்க வேண்டுமென்றால், முதலில் இண்டிகேட்டரைப் போட்டுக் கடந்துவிட்டு, ஓரத்து லேனுக்கு வந்ததும் ஹசார்டைத் தட்டுங்கள். வேகம் சட்டென்று விழுகிறது, பின்னால் ஒரு லாரி ஒட்டிக்கொண்டு வருகிறது என்றால் மட்டும் ஹசார்டுக்கு முதலிடம்.

எஞ்சின் நின்றுவிட்டால் ஸ்டீயரிங் கனமாகும், ஆனால் திரும்பும். பிரேக்கில் இரண்டு மூன்று மிதிக்கு உதவி மிச்சமிருக்கும். அதை விட்டு விட்டு மிதித்துக் கரைக்காமல் கடைசியில் ஒரே சீராக மிதித்து நிறுத்தப் பயன்படுத்துங்கள். சாவியை முழுக்கத் திருப்பி வெளியே எடுத்துவிடாதீர்கள், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

அப்புறம் எங்கே நிறுத்துவது என்ற கேள்வி. வெளியேறும் சாலை, பெட்ரோல் பங்க், ஓய்விடம் எது எட்டினாலும் அதுவே முதல் தேர்வு. அது எட்டவில்லை என்றால், நேரான சாலையில் அகலமான ஓரம். வளைவிலோ, மேட்டின் உச்சியைத் தாண்டிய இறக்கத்திலோ, பாலத்தின் மேலோ நிற்க வேண்டி வருகிறதென்றால், இன்னும் கொஞ்சம் உருள முடியுமா என்று பாருங்கள். டயரில் காற்றே இல்லை என்றாலும் ஆள் நடக்கும் வேகத்தில் சில நூறு மீட்டர் உருட்டலாம். டயர் கிழியும், ரிம் நெளியும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். எஞ்சின் சூடேறி முள் சிவப்பில் நின்றாலும் அதே கதைதான். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: புகையோ தீயோ தெரிந்தால் உடனே நிறுத்தி இறங்க வேண்டும்.

நிறுத்தும்போது வெள்ளைக் கோட்டிலிருந்து எவ்வளவு விலக முடியுமோ அவ்வளவு விலகி, முன் சக்கரங்களைச் சாலைக்கு எதிர்ப்புறமாக, ஓரத்தை நோக்கித் திருப்பி வையுங்கள். யாராவது இடித்தால் வண்டி ஓடும் லேனுக்குள் தள்ளப்படாமல் வெளிப்பக்கம் போகும். ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, கியரில் அல்லது பார்க்கில் விடுங்கள். காய்ந்த புல் உயரமாக இருக்கும் இடத்தில் மட்டும் சக்கரத்தை இறக்காதீர்கள். ஓடி வந்த வண்டியின் புகைக்குழாய் புல்லைப் பற்றவைக்கும் அளவுக்குச் சூடாக இருக்கும்.

நிறுத்திவிட்டேன். எல்லோரும் எங்கே இருக்க வேண்டும்?

வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது பாதுகாப்பு என்று தோன்றும். கதவு, பெல்ட், ஏர்பேக் எல்லாம் இருக்கின்றன அல்லவா? ஆனால் நின்ற வண்டியில் வேகமாக வரும் லாரி மோதினால் அவை எவ்வளவு தாங்கும் என்பது வேறு விஷயம். ஓரத்தில் நிற்கிறீர்கள், இறங்க இடம் இருக்கிறது என்றால் எல்லோரும் இறங்க வேண்டும். சாலைப் பக்கத்துக் கதவு வழியாக அல்ல. ஓட்டுநர் உட்படச் சாலைக்கு எதிர்ப்பக்கத்துக் கதவு வழியாகத்தான். இருக்கைகளுக்கு நடுவே நகர்ந்து வருவது சிரமம், பரவாயில்லை.

இறங்கியதும் சாலையோரத் தடுப்பு வேலி இருந்தால் அதைத் தாண்டி நில்லுங்கள். தாண்டுவதற்கு முன்னால் மறுபக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பாலத்தின் மீது நிற்பது இருட்டில் தெரியாமல், வேலியைத் தாண்டிக் குதித்து ஆளே கீழே விழுவது நடக்கக்கூடியதுதான். செல்போன் விளக்கை அடித்து மண் தெரிகிறதா என்று உறுதி செய்துகொண்டு தாண்டுங்கள்.

வேலிக்குப் பின்னால் எந்த இடம்? பெரும்பாலானவர்கள் வண்டிக்கு நேர் எதிரே, அல்லது முன்னால் போய் நிற்பார்கள். அதுதான் தவறான இடம். பின்னாலிருந்து ஒன்று மோதினால் உங்கள் வண்டி முன்னோக்கியும் வெளிப்பக்கமாகவும் பாயும், உடைந்த பாகங்களும் அந்தத் திசையில்தான் பறக்கும். போதாக்குறைக்குச் சக்கரத்தை வேறு ஓரத்துக்குத் திருப்பி வைத்திருக்கிறோம். அதனால் வண்டிக்குப் பின்பக்கம், அதாவது போக்குவரத்து வரும் திசையில் இருபது முப்பது அடி தள்ளி, வேலிக்கு அந்தப்புறம் நில்லுங்கள். வருகிற வண்டிகளைப் பார்த்தபடி நிற்கலாம், தப்பிக்க ஒரு நொடியாவது கிடைக்கும். வேலி இல்லாவிட்டால் சாலையை விட்டுப் பக்கவாட்டில் எவ்வளவு தூரம் ஏற முடியுமோ அவ்வளவு ஏறுங்கள். மழையென்றும் வெயிலென்றும் குழந்தைகளைத் திரும்ப வண்டிக்குள் ஏற்ற மனம் வரும். குடையோ போர்வையோ எடுத்துக்கொண்டு வெளியே இருப்பதே மேல்.

உதவ யாராவது வண்டியை உங்கள் பின்னால் நிறுத்தினால் நன்றி சொல்லுங்கள், ஆனால் இரண்டு வண்டிகளுக்கு நடுவில் நிற்காதீர்கள். பேட்டரி கேபிள் மாட்ட, கயிறு கட்ட என்று ஆட்கள் நிற்பது சரியாக அந்த இடத்தில்தான். பின்வண்டியில் ஒரு இடி விழுந்தால் நடுவில் இருப்பவருக்குத் தப்ப வழியே இல்லை.

ஹசார்டு எரிகிறது, ஆனாலும் எல்லோரும் கடைசி நொடியில்தான் விலகுகிறார்கள்

இதை அடையாளம் காண்பது எளிது. வேலிக்குப் பின்னால் நின்று ஒரு நிமிடம் வருகிற வண்டிகளைக் கவனியுங்கள். தூரத்திலேயே மெல்ல அடுத்த லேனுக்கு மாறுகிறார்கள் என்றால் உங்கள் எச்சரிக்கை வேலை செய்கிறது. பிரேக் கிறீச்சிடுகிறது, ஹாரன் நீளமாக அடிக்கிறது, சடாரென்று ஒடித்து விலகுகிறார்கள் என்றால் அவர்கள் உங்களைத் தாமதமாகப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று. முதலாவது சிரிப்பு வரவைக்கும், ஆனால் அடிக்கடி நடப்பது: டிக்கி திறந்திருக்கிறது. பல கார்களில் பின்விளக்குகளில் ஒரு பகுதி டிக்கிக் கதவோடு சேர்ந்தே இருக்கும். ஸ்டெப்னி எடுக்க அதைத் தூக்கினால் விளக்கு வானத்தைப் பார்த்து மின்னும், பின்னால் வருபவருக்கு இருட்டுதான். வேண்டியதை எடுத்துவிட்டு உடனே மூடுங்கள். அதேபோல, பின்னால் குனிந்து நிற்கும் இரண்டு பேர் இரண்டு பக்க விளக்கையும் மறைக்கப் போதும்.

இரண்டாவது, விளக்கு எரிகிறது ஆனால் செய்தி தவறாகப் போகிறது. இரவில் சாதாரண பின்விளக்கு மட்டும் எரியும் வண்டி, தூரத்திலிருந்து பார்க்க ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைப் போலவே இருக்கும். பின்னால் வருபவர் அதைத் தொடர்ந்து போகிறோம் என்றே நினைப்பார், இடைவெளி வேகமாகக் குறைவது அவருக்கு உறைக்கும்போது நேரம் கடந்திருக்கும். அதனால் பின்விளக்கும் ஹசார்டும் இரண்டும் எரிய வேண்டும். மூடுபனியோ கொட்டும் மழையோ இருந்தால் பின்பக்கப் பனிவிளக்கையும் போடுங்கள்.

மூன்றாவது, பார்வைத் தூரமே இல்லை. இதுதான் விஷயத்தின் மையம், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மணிக்கு 100 கிலோமீட்டர் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர். ஓட்டுநர் உங்களைக் கண்டு, நிற்கும் வண்டி என்று புரிந்து, கால் பிரேக்குக்குப் போக இரண்டு நொடி ஆகலாம். அதற்குள் 55 மீட்டர் போய்விடும். காய்ந்த சாலையில் நல்ல பிரேக் உள்ள கார் முழுக்க நிற்க மேலும் 60 மீட்டர் வாங்கும். ஆக 115 மீட்டர். ஈரச் சாலை, பாரம் ஏற்றிய லாரி, தூக்கக் கலக்கம் என்று சேர்த்தால் இன்னும் அதிகம். உங்கள் வண்டி கண்ணில் படுவது இதைவிடக் குறைந்த தூரத்தில் என்றால் ஹசார்டு எவ்வளவு பிரகாசமாக எரிந்தாலும் பயனில்லை. அந்தக் குறையை நிரப்பத்தான் எச்சரிக்கை முக்கோணம். அது விளக்கின் துணை அல்ல, உங்கள் பின்விளக்கை நூறு மீட்டர் பின்னால் கொண்டுபோய் வைப்பது மாதிரி.

முக்கோணத்தை எவ்வளவு தூரத்தில், எப்படி வைப்பது?

நாட்டுக்கு நாடு விதி மாறும். பிரிட்டனின் நெடுஞ்சாலை விதிநூல் சாதாரணச் சாலையில் குறைந்தது 45 மீட்டர் பின்னால் என்கிறது. அதே நூல், அதிவேக மோட்டார்வேயில் முக்கோணம் வைக்கவே கூடாது என்றும் சொல்கிறது. அமெரிக்காவில் பாரவண்டி ஓட்டுநர்கள், நடுவில் பிரிக்கப்பட்ட சாலை என்றால், வரும் போக்குவரத்தை நோக்கி மூன்று முக்கோணங்களை 3, 30, 60 மீட்டர் வாக்கில் வைக்க வேண்டும், அதையும் நின்ற பத்து நிமிடத்துக்குள். வளைவோ மேடோ பார்வையை மறைத்தால் அந்தத் தூரம் 150 மீட்டர் வரை நீளலாம். ஸ்பெயினில் வண்டிக் கூரையில் ஒட்டும் மின்னும் விளக்கே 2026 ஜனவரி முதல் முக்கோணத்தின் இடத்தைப் பிடித்திருக்கிறது, ஆள் இறங்கி நடக்கவே வேண்டாம் என்பதற்காக.

இந்த விதிகள் ஒன்றோடொன்று மோதுவது போலத் தெரிந்தாலும் எல்லாம் ஒரே கணக்கைத்தான் போடுகின்றன. முக்கோணம் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு பயன், ஆனால் அதைக் கொண்டுபோகும் ஆள் அவ்வளவு தூரம் ஓடும் வண்டிகளுக்குப் பக்கத்தில் நடக்க வேண்டும். என் முடிவு இதுதான்: வேலிக்குப் பின்னாலோ, வெள்ளைக் கோட்டை விட்டு நன்றாக விலகிய மண்ணிலோ நடக்க வழியிருந்தால் வையுங்கள். ஓடும் லேனின் விளிம்பிலேயே நடந்தாக வேண்டும் என்றால் முக்கோணம் டிக்கியிலேயே இருக்கட்டும். உங்கள் நாட்டு விதி வைத்தே தீர வேண்டும் என்கிறதா, வைக்கக் கூடாது என்கிறதா என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வைக்கும்போது, வண்டிக்குப் பக்கத்திலேயே முக்கோணத்தை விரித்துக்கொள்ளுங்கள், அங்கே போய்க் குனிந்து மல்லுக்கட்ட வேண்டாம். பளிச்சென்ற ஜாக்கெட் இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். முக்கோணத்தின் முகம் வருகிற வண்டிகளைப் பார்க்கும்படி மார்புக்கு முன்னால் பிடித்தபடி, போக்குவரத்து வரும் திசையை நோக்கி நடங்கள். நடக்கும்போதே அது வேலை செய்ய ஆரம்பித்துவிடும். சாதாரண நடையில் அறுபது எட்டு ஏறத்தாழ 45 மீட்டர், நூற்று நாற்பது எட்டு ஏறத்தாழ நூறு மீட்டர். வண்டி நிற்கும் அதே கோட்டில், ஓரத்து விளிம்பில் வையுங்கள், ஓடும் லேனுக்குள் தள்ளிவிடாதீர்கள். திரும்பி வருவதும் வேலிக்குப் பின்னாலேயே. திரும்பும்போது முதுகு போக்குவரத்துக்குக் காட்டியிருப்பதால் அடிக்கடி திரும்பிப் பாருங்கள்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இரவு. மூன்று பேர் போகும் கார். நீண்ட வளைவின் முடிவில், சாலைப் பக்கத்துப் பின் டயர் வெடிக்கிறது. ஓட்டுநர் வளைவு முடிந்து 40 மீட்டரில், வளைவின் வெளிப்பக்கத்து ஓரத்தில் நிறுத்திவிட்டார். ஓரம் ஒரு வண்டி அளவே அகலம், வேலி இருக்கிறது.

வளைவுக்குள் இருக்கும் வேலியும் மரங்களும் மறைப்பதால், பின்னால் வருபவர் இந்தக் காரை அறுபது எழுபது மீட்டருக்கு முன்னால் பார்க்க வாய்ப்பில்லை. அவருக்குத் தேவை 115 மீட்டர். இன்னொன்றும் இருக்கிறது: வளைவில் வேகத்தை அடக்க முடியாமல் கோடு தப்புகிற வண்டி போய் விழுவது வெளிப்பக்கத்தில்தான். அதாவது கார் நிற்கும் இடம் எல்லா வகையிலும் மோசம்.

முக்கோணத்தை 45 மீட்டரில் வைத்தால் அது வளைவின் முடிவிலேயே நிற்கும். அதையும் காரையும் ஓட்டுநர் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பார்ப்பார், லாபம் சொற்பம். உண்மையில் உதவ வேண்டுமென்றால் முக்கோணம் வளைவு தொடங்குவதற்கு முன்னால் இருக்க வேண்டும். வளைவின் நீளம் 80 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். நேர்ப் பகுதி 40, வளைவு 80, அதற்கும் முன்னால் ஒரு 30. மொத்தம் 150 மீட்டர். இரவில், வேலிக்குப் பின்னால் என்றாலும் கரடுமுரடான மண்ணில் போய்வர ஐந்து நிமிடம் ஆகும்.

இப்போது மாற்று வழி. அதே காரை, ஹசார்டைப் போட்டுக்கொண்டு, பின்னால் வண்டி இல்லாத இடைவெளி பார்த்து, நடைவேகத்தில் ஓரத்திலேயே இன்னும் 200 மீட்டர் முன்னால் உருட்டினால் என்ன? வளைவிலிருந்து 240 மீட்டர் தள்ளி நிற்கும். வளைவை விட்டு வெளியே வரும் ஒவ்வொருவரும் அவ்வளவு தூரத்திலிருந்தே மின்னுவதைப் பார்ப்பார்கள். யாரும் சாலையில் நடக்க வேண்டியதில்லை. செலவு ஒரு ரிம், ஒரு டயர். டயர் எப்படியும் போய்விட்டது. நான் எந்த முக்கோணத்தையும் விட இந்த 200 மீட்டரையே தேர்ந்தெடுப்பேன்.

அதற்குப் பிறகும் ஒன்று பாக்கி: வெடித்தது சாலைப் பக்கத்துச் சக்கரம். அதை மாற்ற ஒருவர் ஓடும் லேனுக்கு முதுகைக் காட்டி, வெள்ளைக் கோட்டுக்குப் பக்கத்தில் குந்த வேண்டும். ஒரு வண்டி அகலமே உள்ள ஓரத்தில் அதைச் செய்யக் கூடாது. ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கிறது, கை வேலை தெரியும் என்பதெல்லாம் இங்கே காரணமே ஆகாது. மூன்று பேரும் வேலிக்குப் பின்னால் நின்று, சாலை உதவிக்கோ காவல் துறைக்கோ அழைத்துக் காத்திருக்க வேண்டியதுதான்.

முக்கோணம் விழுந்துகொண்டே இருக்கிறது, அல்லது இரவில் தெரியவில்லை

பெரிய லாரி கடக்கும்போது எழும் காற்று லேசான முக்கோணத்தைச் சாய்க்கும். பெரும்பாலும் கால்களை முழுக்க விரிக்காததுதான் காரணம். நாலு காலும் தரையில் தொட்டு, நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறமும் ஆடினால் கால்களின் மேல் மண்ணோ சிறு கல்லோ வையுங்கள், முகத்துக்கு முன்னால் அல்ல.

தெரியவில்லை என்றால் அது எப்படி வேலை செய்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். வெளிப்பக்கத்துச் சிவப்புப் பட்டை ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகிறது, சொந்த ஒளி கிடையாது. உள்பக்கத்து ஆரஞ்சு கலந்த சிவப்பு பகலுக்கானது. முகம் சாலைக்குக் குறுக்காக, வருகிற ஹெட்லைட்டைப் பார்த்து இருந்தால்தான் பலன். பின்னால் சாய்ந்திருந்தாலோ, பக்கவாட்டில் திரும்பியிருந்தாலோ, வருடக்கணக்காக டிக்கியில் புழுதி படிந்திருந்தாலோ மங்கிவிடும். துணியால் ஒரு துடைப்பு போதும்.

முக்கோணம் இல்லாதவர்கள் கல்லையும் மரக்கிளையையும் சாலையில் வைப்பார்கள். கிளை வெளிச்சத்தைத் திருப்பாது, இரவில் கடைசி வரை தெரியாது. வண்டி கிளம்பிய பிறகும் கல் அங்கேயே கிடக்கும், அடுத்த பைக் அதில் ஏறும். வேண்டாம்.

ஹசார்டே எரியவில்லை

முதலில் சாவியை மறந்துவிடுங்கள். ஹசார்டுக்கு இக்னிஷன் தேவையில்லை, சாவி இல்லாமலும் எரிய வேண்டும். டாஷ்போர்டில் வேறு எதுவுமே ஒளிரவில்லை என்றால் பேட்டரியோ அதன் இணைப்போ போயிருக்கிறது, அப்போது விளக்கைப் பழுதுபார்க்க அந்த இடத்தில் நேரம் செலவிட வேண்டாம். வேலிக்குப் பின்னால் போங்கள், போக வழியிருந்தால் முக்கோணம் வையுங்கள். செல்போன் டார்ச்சோ, மின்னும் கைவிளக்கோ இருந்தால் வண்டியின் பின் கண்ணாடியில் படும்படி உள்ளே வைத்துவிட்டு இறங்கலாம்.

இண்டிகேட்டர் தனியாக எரிந்து ஹசார்டு மட்டும் எரியவில்லை என்றால் அநேகமாக பியூஸ் அல்லது ஹசார்டு சுவிட்ச். இரண்டும் எரியவில்லை என்றால் ரிலே மீது சந்தேகம் வரும். அப்படியானால் பின்விளக்கை எரியவிடுங்கள், உள்விளக்கையும் போடுங்கள். முன்னர் சொன்னபடி பின்விளக்கு மட்டும் ஓடும் வண்டியைப் போல ஏமாற்றும், அதனால் இந்த நிலையில் முக்கோணத்தின் மதிப்பு கூடுகிறது. வழக்கத்தைவிட வேகமாகத் துடிக்கிறது என்றால் ஏதோ ஒரு பல்பு போயிருக்கிறது. அது பின்பக்கத்து பல்பா என்று பார்த்துக்கொண்டால் போதும்.

மெல்ல மங்குகிறதா? சாதாரண பல்பு உள்ள ஹசார்டு சராசரியாக நாலு ஆம்பியர் அளவில் இழுக்கும், எல்இடி என்றால் அதைவிட மிகக் குறைவு. நல்ல பேட்டரி சில மணி நேரம் தாங்கும், ஏற்கெனவே பலவீனமானது தாங்காது. மிச்சப்படுத்த ஏசி விசிறி, பாட்டு, ஹெட்லைட் எல்லாவற்றையும் அணையுங்கள். ஹசார்டை மட்டும் அணைக்காதீர்கள்.

நடு லேனிலேயே நின்றுவிட்டது, நகரவே இல்லை

இது எல்லாவற்றிலும் மோசமானது. இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. ஹசார்டைப் போடுங்கள், உடனே அவசர எண்ணுக்கு அழையுங்கள். எந்த லேன், எந்தத் திசை, கடைசியாகப் பார்த்த கிலோமீட்டர் கல் எது என்று சொல்லுங்கள்.

பிறகு கண்ணாடியில் பாருங்கள். போக்குவரத்து ஊர்ந்து போகிறது, அல்லது தெளிவான பெரிய இடைவெளி இருக்கிறது, ஓரம் ஒரே லேன் தூரத்தில் இருக்கிறது என்றால் எல்லோரும் ஒன்றாக இறங்கி விரைவாக ஓரத்துக்குப் போய்விடலாம். வேகமான வண்டிகள் இரண்டு பக்கமும் பறக்கின்றன, கதவைத் திறக்கவே இடமில்லை என்றால் இறங்காதீர்கள். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, தலையை இருக்கையின் தலையணையில் நன்றாகச் சாய்த்து, பிரேக் பெடலை மிதித்தபடி உட்காருங்கள். பிரேக் விளக்கு கூடுதல் வெளிச்சம் தரும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் இரண்டிலும் கெட்டது. வண்டியைத் தள்ள இறங்குவதும், நடு லேனில் முக்கோணம் வைக்க நடப்பதும் இங்கே பேச்சுக்கே இடமில்லை.

மேனுவல் கியர் வண்டி, எஞ்சின் கிளம்பவில்லை, ஆனால் ஸ்டார்ட்டர் சுற்றுகிறது என்றால் ஒரு வழி உண்டு. முதல் கியரில் போட்டு, கிளட்சை விட்டு, சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் மோட்டார் வண்டியைச் சில மீட்டர் தானே இழுக்கும். பல வண்டிகளில் கிளட்சை மிதிக்காமல் ஸ்டார்ட்டரே சுற்றாது, அவற்றில் நடக்காது. நடக்கிற வண்டியில் ஒரு லேன் தாண்ட அது போதுமானதாக இருக்கலாம்.

சரிசெய்தாகிவிட்டது, கிளம்ப வேண்டும்

முக்கோணத்தைக் கடைசியில் எடுங்கள். எல்லோரும் ஏறி, கதவெல்லாம் மூடி, ஓட்டுநர் மட்டும் போய் எடுத்து வருவதே முறை, அதுவும் வைக்கப் போன அதே வழியில். எடுத்துவிட்டால் உங்கள் முன்னெச்சரிக்கை போய்விட்டது, அதற்குப் பிறகு நின்று கைகுலுக்கிப் பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. உட்கார்ந்ததும் ஹசார்டை அணைத்துவிட்டு இண்டிகேட்டரைப் போடுங்கள். நாலு விளக்கும் மின்னிக்கொண்டே லேனுக்குள் நுழைந்தால், நீங்கள் இன்னும் நிற்கிறீர்கள் என்றே பின்னால் வருபவர் நினைப்பார். ஓரத்திலேயே முடிந்தவரை வேகம் பிடித்து, பெரிய இடைவெளி வந்த பிறகு மட்டும் உள்ளே சேருங்கள்.